கடைசி வரியில் ஒரு கையொப்பம்

சுன்னாகம் பஸ் நிலையத்துக்குக் கிட்ட அப்போது ஒரு கொமினிக்கேஷன் கடை இருந்தது. போட்டோக் கொப்பி, லமினேட்டிங், அடையாள அட்டைப் படம், சுயவிபரக் கோவை எல்லாம் ஒரே மேசையில். உயர்தரப் பெறுபேறு வந்த கிழமையில் அங்கே வாங்கு நிறையப் பெண்பிள்ளைகள் இருப்பார்கள். 2016ஆம் ஆண்டு ஜனவரியில் நானும் அந்த வாங்கில் இருந்தேன். வணிகப் பிரிவில் மூன்று பாடமும் சித்தி. ஆனால் பல்கலைக்கழகத்துக்கு இசட் புள்ளி போதாது என்பது தெரிந்துவிட்டது. யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனம் கணக்குப் பகுதிக்கு ஆள் கேட்டிருந்தது.

தட்டச்சு செய்த அண்ணா என்னிடம் பெயர், முகவரி, அடையாள அட்டை இலக்கம், பெறுபேறு ஆகியவற்றைத்தான் கேட்டார். மீதியை அவரிடமிருந்த ஒரு பழைய கோப்பு பார்த்துக்கொண்டது. யாரோ ஒரு அக்காவின் கோவை அது. அவருடைய பெயரை அழித்து என்னுடைய பெயரைப் போட்டார். ஐந்து நிமிட வேலை. வெளியே வந்த தாளில் நான் மும்மொழியிலும் தேர்ச்சி பெற்றவள், கணினியில் டிப்ளோமா முடித்தவள், பாடசாலை வலைப்பந்தாட்ட அணியில் விளையாடியவள். வலைப்பந்து என்றால் நான் மைதானத்தின் ஓரத்தில் மற்றப் பிள்ளைகளின் தண்ணீர்ப் போத்தல்களுக்குக் காவல் இருந்தவள்.

"அண்ணா, நான் விளையாடினதில்லையே" என்றேன்.

"அதை ஆரும் கேட்கமாட்டினம் தங்கச்சி. வெறுமையா இருந்தா வடிவில்லை" என்றார்.

வீட்டில் வாப்பா அதை வாசித்துவிட்டு, அனுபவம் என்ற இடம் காலியாக இருப்பதைப் பார்த்தார். எங்களுக்குச் சந்தைப் பக்கம் ஒரு சின்னப் புடைவைக் கடை. சோதனை முடிந்த செப்டெம்பரிலிருந்து பின்னேரங்களில் நான்தான் கடன் கொப்பி எழுதினேன். வாப்பா கடையின் கடிதத் தலைப்பில், உதவிக் கணக்காளராக ஒரு வருடம் சேவையாற்றினார் என்று எழுதி, ரப்பர் முத்திரையும் குத்தித் தந்தார். "எல்லாரும் போடுறதுதானே மகள். நீ மட்டும் போடாம விட்டா உன்னைப் பின்னுக்குத் தள்ளிப்போட்டுப் போயிருவாங்க." அன்பில் சொன்னதுதான். இதை வாசிக்கும் பெற்றோரில் எத்தனை பேர் இதே வார்த்தையைச் சொல்லியிருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். அதனால்தான் வாப்பாவிடம் கேட்டுக்கொண்டே இதை எழுதுகிறேன்.

எங்கள் நாட்டுச் சுயவிபரக் கோவைகளின் அடியில் வழக்கமாக ஒரு வரி இருக்கும். மேற்கூறிய விபரங்கள் யாவும் எனது அறிவுக்கெட்டியவரை உண்மையானவை என்று உறுதிப்படுத்துகிறேன் என்ற வரி. அதன் கீழே திகதியும் கையொப்பமும். நான் அதை வாசிக்கவே இல்லை. கையொப்பம் மட்டும் அழகாக வரவேண்டுமென்று வேறொரு தாளில் இரண்டு தரம் எழுதிப் பார்த்துவிட்டு வைத்தேன்.

நேர்முகப் பரீட்சையில் என் முன்னால் இருந்தவர் நடுத்தர வயதுள்ள ஒரு மடம். தாளை மெதுவாக வாசித்தார். முதல் கேள்வி எனக்குத் தெரிந்த கேள்வி. "காசேட்டு மீதியும் வங்கிக் கூற்று மீதியும் ஒத்துவராட்டி எதையெல்லாம் பார்ப்பீர்?" உயர்தரக் கணக்கீட்டில் வங்கிக் கணக்கிணக்கக் கூற்று படிக்காதவர் யார்? நாம் எழுதிக் கொடுத்தும் வங்கியில் இன்னும் மாற்றப்படாத காசோலைகள், நாம் வைப்பிலிட்டும் இன்னும் வரவாகாதவை, வங்கி தானாகக் கழித்துக்கொண்ட கட்டணங்கள் என்று மூச்சுவிடாமல் ஒப்புவித்தேன். அவர் தலையசைத்தார். பிறகு கேட்டார்.

"நல்லது. கடைசியா எந்த மாசத்துக்குச் செய்தனீர்? எவ்வளவு வித்தியாசம் வந்தது?"

எனக்கு நாக்கு ஒட்டிக்கொண்டது. எங்கள் கடையின் வங்கிக் கூற்றுகள் உறை பிரிக்கப்படாமல் மேசை லாச்சிக்குள் கிடந்தன. புத்தகத்தில் படித்ததை யாரும் சொல்லலாம். கடைசியாகச் செய்ததைச் செய்தவரால்தான் சொல்ல முடியும். பின்னாளில் நானும் மேசையின் மறுபக்கம் இருந்தபோது விளங்கிக்கொண்டேன், ஒரு கோவையைச் சோதிக்க இதைவிடப் பெரிய தந்திரம் எதுவும் தேவையில்லை. உண்மையாகச் செய்த ஒருவருக்கு அந்தக் கேள்வி வந்ததும் ஏதாவது ஒரு தொல்லை ஞாபகம் வரும். கிழிந்த பற்றுச்சீட்டு, திரும்பி வந்த காசோலை, முதலாளியின் விளங்காத கையெழுத்து. செய்யாதவருக்குப் புத்தகத்தின் தலைப்புகள் மட்டும்தான் வரும்.

அவர் சேவைக் கடிதத்தைத் திருப்பிப் பார்த்தார். கடை உரிமையாளரின் பெயரையும் என் பெயரின் முன்பகுதியையும் ஒப்பிட்டார். "இவர் உம்மட அப்பாவோ?" ஓம் என்றேன். அடுத்து ஆங்கிலத்தில் ஒரு கேள்வி கேட்டார். நான் பாதி வசனத்தில் நின்றுவிட்டேன். பிறகு அவர் ஒன்றும் கேட்கவில்லை. தாளை என் பக்கமாகத் திருப்பி வைத்து, கோபமில்லாத குரலில், "இதில உம்மடையது எது பிள்ளை?" என்றார்.

அன்று எனக்கு வலித்தது வேலை கிடைக்காதது அல்ல. 1990 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்து முஸ்லிம்கள் எல்லோரும் வெளியேற்றப்பட்டபோது எங்கள் குடும்பம் புத்தளம் போனது. நான் பிறந்ததும் பதினாலு வயதுவரை வளர்ந்ததும் அங்கேதான். தண்ணீர்க் குழாயடியிலும் சந்தையிலும் பேசிப் பேசி எனக்குச் சிங்களம் தாய்மொழி போல வரும். யாழ்ப்பாணத்தில் ஒரு நிதி நிறுவனத்துக்கு அது எவ்வளவு பயன்படும்! ஆனால் என் தாளில் இருந்தது மும்மொழியிலும் தேர்ச்சி என்ற ஒரே வரி. ஆங்கிலம் விழுந்ததும் சிங்களமும் அதோடு விழுந்தது. அவர் அதைச் சோதித்துப் பார்க்கவேயில்லை. நான் அவராக இருந்தாலும் பார்த்திருக்கமாட்டேன். பொய்யான வரி தான் மட்டும் போவதில்லை, பக்கத்தில் இருக்கும் உண்மையையும் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகிறது. இதை எனக்கு முன்னமே யாராவது சொல்லியிருந்தால் நல்லாயிருந்திருக்கும்.

எங்கள் ஒழுங்கையில் ஓய்வுபெற்ற வங்கி உத்தியோகத்தர் ஒருவர் இருந்தார். வாப்பாவின் வாடிக்கையாளர். கடன் கொப்பியில் அவருடைய பெயர் இல்லை என்பதில் அவருக்குப் பெருமை. நடந்ததை வாப்பா அவரிடம் சொல்லிவிட்டார். மறுநாள் ஐயா கடைக்கு வந்து என் தாளைக் கேட்டு வாங்கினார். வாசித்து முடித்து, ஒரு வெள்ளைத் தாளைத் தந்து, "நீ செய்த வேலையை நீயே எழுது" என்றார்.

நான் எழுதியது இது: வாப்பாவின் கடையில் சும்மா உதவியாக இருந்தேன்.

ஐயா சிரித்தார். "முந்தினதும் பொய், இதுவும் பொய். சும்மாவோ இருந்தனீ? எத்தனை பேருக்குக் கடன் எழுதுறாய்?" எண்ணிப் பார்த்தோம். 86 பேர். நோன்புப் பெருநாள், தீபாவளி, பொங்கல் என்று கடன் ஏறும் காலங்கள் வேறு. ஒவ்வொருவருக்கும் எடுத்த திகதி, துணி, தொகை, கட்டிய தொகை, மீதி. மாலையில் பெட்டிக்காசை எண்ணிக் காசேட்டோடு ஒப்பிடுவதும் நான்தான். இவ்வளவையும் சும்மா என்ற ஒரு சொல்லுக்குள் மறைத்து வைத்திருந்தேன். பெண்பிள்ளை தன்னைத்தானே புகழக்கூடாது என்று வளர்க்கப்படும் எங்களில் பலருக்கு இந்த இரண்டாவது பொய் முதலாவதைவிட இலகுவாக வருகிறது. அதை அடக்கம் என்று நினைத்துக்கொள்கிறோம். வாசிப்பவருக்கோ ஒன்றும் தெரியவராது.

பிறகு கூட்டிச் சொல்வது எந்த இடத்தில் பொய்யாகிறது என்று எங்களுக்குள் ஒரு வாக்குவாதம் வந்தது. ஐயா சட்டம் எதுவும் சொல்லவில்லை. என் வரிகளையே ஒவ்வொன்றாக எடுத்தார்.

உதவிக் கணக்காளர் என்பது ஒரு பதவி. அதை எனக்கு யாரும் தரவில்லை. அதை வாசிக்கும் நிறுவனம், இவளுக்கு மேல் ஒரு கணக்காளர் இருந்திருக்கிறார், அவர் இவளைப் பழக்கியிருக்கிறார் என்று எடுத்துக்கொள்ளும். முதல்நாள் காலையிலேயே என்னிடம் ஒரு வேலையை நம்பித் தரும். நான் தடுமாறுவேன். அது பொய். ஒரு வருடம் என்பதும் பொய், ஏனென்றால் செப்டெம்பரிலிருந்து ஐந்து மாதம்தான். "பன்னிரண்டு மாசம் எண்டு ஐந்தை எழுதுறது காசேட்டில ஐயாயிரத்தைப் பன்னீராயிரம் எண்டு எழுதுற மாதிரி" என்றார். ஆனால் எனக்குக் குறைந்த மாதங்களில் அதிக கடன் பதிவு செய்த கடை என்பதை முன்னுக்குப் போட்டு, நான் சில நாட்கள் கடைக்குப் போகாமல் தூங்கியதை எழுதாமல் விடுவது பொய்யல்ல. அது தெரிவு. எதைச் சொல்வது என்று தெரிவது எல்லோருக்கும் உள்ள உரிமை.

இடைப்பட்ட சொற்கள்தான் சிக்கல். நான் கடன் கணக்கை நிர்வகித்தேன் என்று எழுதலாமா? நான் ஆம் என்றேன். ஐயா வாப்பாவைக் கூப்பிட்டார். "இதை வாசிக்கிறன், கேளுங்கோ. உங்கட மகள் கடன் கணக்கை நிர்வகிச்சவ." வாப்பா யோசித்தார். யாருக்குக் கடன் கொடுப்பது, யாருக்கு நிறுத்துவது என்று முடிவெடுப்பவர் அவர். "எழுதினது அவள். முடிவு நான்" என்றார். அவ்வளவுதான், நிர்வகித்தேன் என்பது வெட்டப்பட்டுப் பதிவுசெய்து பேணினேன் என்றானது. அன்றிலிருந்து எனக்கு இதுவே அளவுகோல். அந்த வேலை நடந்தபோது பக்கத்தில் நின்ற ஆளுக்கு முன்னால் அந்த வரியை உரக்க வாசிக்க எனக்குக் கூசுமா? குழுவாகச் செய்த வேலையில் நான் என்று எழுதும்போது இந்தச் சோதனை இன்னும் நன்றாக வேலை செய்யும். வகுப்புத் தோழிகள் நால்வரையும் முன்னால் நிறுத்தி வாசித்துப் பாருங்கள்.

கணினி டிப்ளோமா விடயம் கொஞ்சம் வேறு. நான் படித்த இடம் தந்த சான்றிதழில் டிப்ளோமா என்றுதான் அச்சிட்டிருந்தது. ஆறு மாதம், சனிக்கிழமை மட்டும். எங்கள் நாட்டின் தேசியத் தொழிற்தகைமை முறையில் ஐந்தாம், ஆறாம் மட்டங்களுக்குத்தான் தேசிய டிப்ளோமா என்று பெயர். அதற்குக் கீழே உள்ளவை சான்றிதழ்கள். என் சான்றிதழுக்கு அந்த மட்டம் எதுவும் இல்லை. அச்சிட்டதை அப்படியே எழுதுவது பொய்யா? ஐயா சொன்ன தீர்வு எளியது. சான்றிதழில் உள்ள பெயரை ஓர் எழுத்தும் மாற்றாமல் எழுது, பக்கத்தில் காலத்தையும் எழுது. ஆறு மாதம், சனிக்கிழமைகளில் என்று எழுதியதும் டிப்ளோமா என்ற சொல்லால் யாரையும் ஏமாற்ற முடியாமல் போய்விட்டது. படித்து முடிக்காத பட்டத்துக்கும் இதே வழிதான். தொடர்கிறேன், முதலாம் வருடம் முடிந்தது என்று எழுதினால் அது தகுதி. பட்டத்தின் பெயரை மட்டும் எழுதிவிட்டு மௌனமாக இருந்தால், வாசிப்பவர் தவறாக விளங்கிக்கொள்வார் என்று தெரிந்தே காக்கும் மௌனம் அது.

அந்தத் தாளை உடனே அனுப்ப ஐயா விடவில்லை. "லாச்சிக்குள்ள கிடக்கிற கூற்றுகளை எடு" என்றார். மாசி முதல் வைகாசி வரை ஒவ்வொரு மாதத்துக்கும் வாப்பாவின் காசேட்டையும் வங்கிக் கூற்றையும் வரிக்கு வரி ஒப்பிட்டேன். இரண்டாம் மாதத்தில் 360 ரூபாய் இடித்தது. மாற்றப்படாத காசோலையும் இல்லை, கட்டணமும் இல்லை. இரண்டு நாள் தேடினேன். பிறகு ஐயா, 360ஐ ஒன்பதால் வகுத்துப் பார் என்றார். மீதியில்லாமல் 40. வித்தியாசம் ஒன்பதால் மீதியின்றி வகுபட்டால், எங்கோ அடுத்தடுத்த இரண்டு இலக்கங்கள் இடம் மாறியிருக்க வாய்ப்புண்டு. எப்போதும் அப்படித்தான் என்றில்லை, ஆனால் தேட ஒரு வழி. தேடினேன். 6,730 ரூபாய் வைப்பை நானே 6,370 என்று எழுதியிருந்தேன். அந்தச் சந்தோஷத்தில் கடையில் நின்ற ஒரு வாடிக்கையாளருக்கும் அதைச் சொன்னேன். பாவம், அவர் சாறம் வாங்க வந்தவர்.

அந்த வைகாசியில் என் தாளில் அனுபவம் என்ற தலைப்பின் கீழ் இப்படி இருந்தது. குடும்பப் புடைவைக் கடை, சுன்னாகம். 2015 செப்டெம்பர் முதல், பகுதிநேரம், சம்பளமின்றி. நாளாந்தக் காசேடு எழுதுதல். 86 வாடிக்கையாளரின் கடன் பதிவுகளைப் பேணுதல். 2016 பெப்ரவரி முதல் மாதாந்த வங்கிக் கணக்கிணக்கம். மொழிகளை ஒவ்வொன்றாகப் பிரித்தேன். சிங்களம் சரளமாகப் பேசுவேன், வாசிப்பு மெதுவாக, எழுத்துப் பலவீனம். ஆங்கிலம் வாசித்து விளங்குவேன், பேசப் பழகுகிறேன். கணினியில், எக்ஸெலில் SUM, SUMIF வரை தெரியும் என்று எழுதினேன். தேர்ச்சி என்ற சொல் தாளில் எங்குமே இல்லை. பலவீனம் என்று ஏன் எழுதுகிறாய், விட்டுவிடலாமே என்று உம்மா கேட்டார். விட்டிருக்கலாம்தான். ஆனால் எழுத்துப் பலவீனம் என்று ஒப்புக்கொண்ட வாய் பேச்சில் சரளம் என்று சொல்லும்போது அதை நம்புவார்கள் என்று எனக்குத் தோன்றியது. வலைப்பந்து போய்விட்டது. முதல் தாளைவிட இது அரைப் பக்கம் குறைவு, ஆனால் ஒவ்வொரு வரியின் பின்னாலும் என்னிடம் சொல்ல ஒரு கதை இருந்தது.

உம்மாவுக்கும் ஒரு தாள் கதை உண்டு. யாழ்ப்பாணத்தை விட்டு வந்தபோது அவருடைய சாதாரணதரச் சான்றிதழும் போய்விட்டது. உம்மா எப்போதும், கணிதத்தில் எனக்கு சி என்பார். புத்தளத்தில் ஒரு முன்பள்ளிக்கு விண்ணப்பித்தபோது படிவத்திலும் அப்படியே எழுதினார். பரீட்சைத் திணைக்களத்தில் பெறுபேற்றின் உறுதிப்படுத்திய பிரதியைப் பெற முடியும் என்று பிறகுதான் தெரிந்தது. தோற்றிய ஆண்டும் சுட்டிலக்கமும் கையில் இருந்தால் இலகு. பிரதி வந்தது. கணிதத்தில் எஸ். உம்மா பொய் சொன்னவரா? ஆண்டுக்கணக்கில் ஞாபகம் தானாக ஒரு படி ஏறியிருந்தது, அவ்வளவுதான். ஆனால் பிரதி வந்த அன்றே அதைக் கொண்டுபோய்க் காட்டி, படிவத்தில் திருத்தி, பக்கத்தில் ஒப்பமிட்டார். அவர்கள் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டு ஆண்டாக ஒரே தாளைப் பார்த்து எழுதிக்கொண்டே போகும் நாமெல்லாம் வருடத்துக்கு ஒருமுறையாவது மூலச் சான்றிதழை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்ப்பது நல்லது.

திருத்தாமல் விட்டவர்களின் கதை பெரிய இடங்களிலும் உண்டு. அமெரிக்காவின் எம்.ஐ.டி. என்ற புகழ்பெற்ற தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தில் மாணவர் அனுமதிப் பிரிவின் தலைவியாக இருந்தவர் மாரிலி ஜோன்ஸ். விண்ணப்பத்தில் சாதனைகளை அடுக்க ஓடி ஓடிக் களைக்காதீர்கள், நீங்கள் நீங்களாக இருங்கள் என்று மாணவர்களுக்குச் சொல்லிப் பெயர் பெற்றவர். 1979இல் அங்கே சிறிய பதவியொன்றில் சேர்ந்தபோது, தன்னிடம் இல்லாத பட்டங்களைத் தன் கோவையில் எழுதியிருந்தார். அந்தப் பதவிக்குப் பட்டம் தேவைப்பட்டதாகக்கூடத் தெரியவில்லை. அவர் திறமையானவர், உயர்ந்துகொண்டே போனார். 1997இல் தலைவியானார். தாளும் அவரோடு உயர்ந்தது. 2007 ஏப்ரலில் விடயம் வெளிவந்ததும் பதவி விலகினார். முதல் விண்ணப்பத்தில் பட்டங்களைத் தவறாகக் காட்டினேன், அதற்குப் பிறகு ஒருபோதும் அதைத் திருத்தத் துணிவு வரவில்லை என்று அவரே ஒப்புக்கொண்டார். 28 வருடம். அவருடைய வேலையில் குறை சொன்னவர்கள் அரிது. ஆனால் மற்றவர்களின் விண்ணப்பத்தை நம்பலாமா என்று தீர்மானிக்கும் கதிரையில் இருந்தவர் அவர்.

நம் நாட்டிலும் 2024 நவம்பரில் சபாநாயகராகத் தெரிவான அசோக ரன்வல, தன் கலாநிதிப் பட்டம் பற்றிய கேள்விகள் எழுந்ததும் டிசெம்பர் 13ஆம் திகதி பதவி விலகினார். தான் பொய் சொல்லவில்லை, உறுதிப்படுத்தும் ஆவணங்கள் சில இப்போது கையில் இல்லை என்பது அவருடைய விளக்கம். அதில் தீர்ப்புச் சொல்வது என் வேலையல்ல. எனக்கு உம்மாவின் சுட்டிலக்கம்தான் ஞாபகம் வந்தது. ஒரு தகுதியைத் தாளில் எழுதும் நாளிலேயே அதன் ஆவணமும் பக்கத்தில் இருக்கவேண்டும். இல்லையென்றால், ஆவணம் பெற விண்ணப்பித்திருக்கிறேன் என்று எழுதவேண்டும். அரச விண்ணப்பப் படிவங்களின் அடியில் உள்ள பிரகடனத்தை நம் பிள்ளைகள் ஒருமுறை நிதானமாக வாசிக்கவேண்டும். தகவல் பொய்யென்று நியமனத்துக்கு முன் தெரிந்தால் தகுதியிழப்பு, பின் தெரிந்தால் சேவையிலிருந்து நீக்கம் என்று வழக்கமாக அதில் இருக்கும். அந்தப் பின் என்பதற்கு எத்தனை வருடம் என்று எந்தப் படிவத்திலும் எல்லை பார்த்ததில்லை.

என் புதிய தாளை ஐந்து இடங்களுக்கு அனுப்பினேன். நான்கிலிருந்து பதிலே இல்லை. நேர்மையாக எழுதினால் உடனே கதவு திறக்கும் என்று நான் சொல்லமாட்டேன். பெரிதாக எழுதியவர்களைக் கூப்பிட்டிருப்பார்கள். ஐந்தாவது ஒரு மொத்த வியாபார நிறுவனம். அந்த நேர்முகத்தில் முதலாளி, கணக்கு மென்பொருள் பாவித்திருக்கிறீரா என்று கேட்டார். "இல்லை ஐயா. எக்ஸெலில்தான் எழுதியிருக்கிறேன். கையேட்டிலிருந்து அதற்கு மாற்ற எனக்கு மூன்று கிழமை எடுத்தது" என்றேன். இல்லை என்பதை முதலில் சொன்னதும் நெஞ்சில் ஒரு பாரம் இறங்கியது போல இருந்தது. இல்லை என்று சொல்லி அங்கேயே நிறுத்தினால் அது தோல்வி போலக் கேட்கும். அதற்குக் கிட்ட இருக்கும், நான் செய்த ஒன்றை உடனே வைத்தால் அதுவே பதில். அடுத்த கேள்வி நான் காத்திருந்தது. "நீர் செய்த கணக்கில எப்பவாவது பிழை வந்ததோ?" 360 ரூபாயைச் சொன்னேன். எண்களைத் தாளில் எழுதிக் காட்டினேன். என் பிழைதான் என்றும் சொன்னேன். குரல் நடுங்கவில்லை. பேசப் பழகியிருந்தேன் என்பதால் அல்ல, ஞாபகத்தில் இருப்பதைச் சொல்ல நடிப்புத் தேவையில்லை என்பதால். கடைசியில் அவர் தொலைபேசியை எடுத்துக் கொழும்பில் ஒரு விநியோகஸ்தரை அழைத்து, அப்படியே என் கையில் தந்தார். சிங்களத்தில் ஐந்து நிமிடம் பேசினேன். அடுத்த திங்கட்கிழமை வேலைக்கு வரச் சொன்னார்கள். உம்மா அல்ஹம்துலில்லாஹ் என்றார். வாப்பா பழைய சேவைக் கடிதத்தைத் தேடியெடுத்துக் கிழித்தார். பிறகு புதிதாக ஒன்று எழுதினார். அதில் மகள் என்ற சொல்லும் இருந்தது.

இப்போது அதே நிறுவனத்தில் புதியவர்களை எடுக்கும்போது தாள்கள் முதலில் என் மேசைக்கு வருகின்றன. போன வருடம் ஒரே கிழமையில் இரண்டு கோவைகள் வந்தன. இரண்டிலும் மும்மொழித் தேர்ச்சி, இரண்டிலும் வலைப்பந்தாட்ட அணி, ஒரே எழுத்துப்பிழை ஒரே இடத்தில். எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. அந்தப் பழைய கோப்பு இன்னும் உயிரோடு இருக்கிறது! இரண்டு பேரையும் அழைத்தேன்.

முதலில் வந்த பிள்ளை ஏழாலைப் பக்கம். கைவிரல்களைப் பின்னிக்கொண்டு கதிரையின் நுனியில் இருந்தாள். நான் ஆங்கிலத்தில் எதுவும் கேட்கவில்லை. தாளை அவள் பக்கமாகத் திருப்பி வைத்தேன்.

"இதில உம்மடையது எது தங்கச்சி?"

அவள் நீண்ட நேரம் தாளைப் பார்த்தாள். முகம் சிவந்தது. "பெறுபேறு மட்டும்தான் மிஸ்" என்றாள். பிறகு, கேட்கலாமோ என்பதுபோல, "அம்மா பால் சங்கத்தில வேலை. அவவுக்குக் கண் சரியில்லை. ரெண்டு வருசமா பால் அளக்கிற கொப்பியை நான்தான் எழுதுறன். ஆனா அது இதில இல்லை" என்றாள்.

"ஒரு நாளைக்கு எத்தனை பேர் பால் கொண்டு வருவினம்?"

"நாப்பத்தொண்டு பேர் மிஸ். மழைக்காலத்தில குறையும்."

நான் அவளுடைய தாளை மறுபக்கம் புரட்டி, வெள்ளைப் பக்கத்தை மேலே வைத்து, என் பேனையைக் கொடுத்தேன்.